சீனி 198, ஆனாலும் கீற்றோன்: ஒரு பக்க வழிகாட்டியை எங்கே தொடங்குவது

"திருகோணமலையில் மருத்துவ வார்ட்டில் எஸ்.எச்.ஓ.வாக இருக்கிறேன். நீரிழிவு வழிகாட்டியைப் புதிதாக வரும் இன்ரேர்ன்மாருக்கு ஒரே பக்கத்தில், அம்புக்குறி போட்ட படமாகச் சுருக்கித் தரச்சொல்லிக் கன்சல்டன்ற் கேட்டிருக்கிறார். எதை எடுப்பது, எதை விடுவது என்று தெரியவில்லை. செய்து பழகியவர்கள் சொல்லுங்கள்."

முழு வழிகாட்டியையும் ஒரு பக்கத்துக்குள் அடக்கப் பார்த்தால் எழுத்துத்தான் சிறுத்துப் போகும், வேலை சுருங்காது. ஆகவே முதலில் ஒரு வடிகட்டல். இரவு இரண்டு மணிக்கு, பக்கத்தில் சீனியர் இல்லாதபோது, இன்ரேர்ன் தனியாக எடுக்கவேண்டிய முடிவுகள் எவை? எந்த மாத்திரையை இரண்டாவதாகச் சேர்ப்பது, மூன்று மாதச் சராசரிச் சீனி எவ்வளவில் நிற்கவேண்டும், காலையும் கண்ணையும் எப்போது பார்ப்பது என்பதெல்லாம் பகலில் கிளினிக்கில், கன்சல்டன்ற் பக்கத்தில் இருக்கும்போது எடுக்கப்படுபவை. சீனி குறைந்து மயங்கியவருக்கு நாலு வரி போதும், அதைச் சுவரில் தனியாக ஒட்டலாம். மிஞ்சுவது கீற்றோன் அமிலத்தேக்கம், வார்ட்டில் நாம் டி.கே.ஏ. என்று சொல்வது. அதில்தான் முடிவுகள் ஒன்றிலிருந்து ஒன்றாகக் கிளைக்கின்றன, மணிக்கு மணி மாறுகின்றன, வரிசை பிசகினால் ஆளைக் கொல்கின்றன. உங்கள் பக்கம் வயது வந்தவர்களின் டி.கே.ஏ.வுக்கு மட்டுமானதாக இருக்கட்டும்.

வழிகாட்டி எழுதுகிறவர்கள் விடயவாரியாக எழுதுவார்கள்: காரணம், கண்டறிதல், திரவம், இன்சுலின், பொட்டாசியம், சிக்கல்கள். வார்ட்டில் நிற்கிறவருக்கு வேண்டியது மணிக்கூட்டு வரிசை. பிரித்தானிய உள்நோயாளர் நீரிழிவுக் கூட்டுக்குழுவின் 2023 வழிகாட்டியும், அமெரிக்க நீரிழிவுச் சங்கம் ஐரோப்பியச் சங்கத்தோடும் அந்தப் பிரித்தானியக் குழுவோடும் இன்னும் சிலரோடும் சேர்ந்து 2024 இல் வெளியிட்ட அறிக்கையும் உங்கள் கையில் இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். பென்சிலோடு இருந்து, விடை மாறினால் அடுத்த செயலும் மாறும் என்கிற வசனங்களுக்கு மட்டும் அடிக்கோடு போடுங்கள். ஆச்சரியப்படும் அளவுக்குக் குறைவாகத்தான் வரும். மற்றவையெல்லாம் 'ஏன்' என்பதற்கான விளக்கங்கள். அவற்றை வார்ட் வகுப்பில் சொல்லுங்கள், பக்கத்தில் எழுதாதீர்கள். ஒரு பெட்டிக்குள் ஒரு கேள்விதான் இருக்கவேண்டும். அதற்கு விடை சொல்ல அந்த நேரத்தில் கையில் ஏதோ ஒன்று இருக்கவேண்டும்: குளுக்கோமீற்றர், சிறுநீர்ப் பட்டி, இரத்த அழுத்தக் கருவி, ஆய்வுகூடத்திலிருந்து வந்த ஒரு இலக்கம். 'நோயாளியின் நிலையை மதிப்பிடுக' என்று ஒரு பெட்டி போட்டால் அது வெறும் அலங்காரம்.

இனி ஒரு நோயாளியை அந்தப் பக்கத்தின் மேல் நடத்திப் பார்ப்போம். இவர் நான் கற்பனையில் கட்டிய ஆள்தான், ஆனால் இவரிடம் இருக்கும் ஒவ்வொன்றையும் நம் பகுதி வார்ட்டுகளில் காணலாம். ஐம்பத்தாறு வயது, அறுபது கிலோ, பத்து வருடமாகச் சீனி வருத்தம். மெட்போர்மினும் எம்பாகிளிபுளோசினும் எடுக்கிறார். கந்தசஷ்டி விரதம், நாலாம் நாள். மாத்திரையை மட்டும் விடாமல் போட்டிருக்கிறார். இரண்டு நாளாக வாந்தி, வயிற்று நோவு, பெருமூச்சு. வார்ட்டுக்கு வரும்போது இரத்த அழுத்தம் 104 க்கு 70, நாடி 118, சீனி டெசிலீற்றருக்கு 198 மில்லிகிராம்.

பலர் வரையும் முதற்பெட்டி 'சீனி 250 ஐத் தாண்டியதா?' என்று இருக்கும். 2009 இன் அமெரிக்க அறிக்கையைப் படித்து வளர்ந்தவர்களுக்கு அது இயல்பு. அந்தப் பெட்டியில் இந்த ஐயா 'இல்லை' என்ற அம்பில் போய், வாந்திக்கு ஒரு ஊசியும் ஒரு போத்தல் சேலைனும் பெற்று, 'விரதத்தால் வந்த பலவீனம்' என்ற குறிப்போடு மூலைக் கட்டிலில் கிடப்பார். எம்பாகிளிபுளோசின், டபாகிளிபுளோசின் குடும்ப மருந்துகள் சீனியைச் சிறுநீரில் வெளியே தள்ளுகின்றன. ஆகவே உடம்பில் கீற்றோன் ஏறிக்கொண்டிருக்கும்போதும் குளுக்கோமீற்றரில் பயப்படும்படியான இலக்கம் தெரியாது. பட்டினி அதை இன்னும் தூண்டும். விரதம் சஷ்டியா நோன்பா என்பது கணக்கில்லை. கிண்ணியாவிலிருந்து ரமழானில் வருபவருக்கும் இதே கதைதான். 2024 அறிக்கை வாசலை அகலமாக்கியிருக்கிறது: சீனி 200 அல்லது அதற்கு மேல், அல்லது ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர். அந்த இரண்டாவது பாதிதான் இவரைக் காப்பாற்றுகிறது. எனவே உங்கள் முதற்பெட்டி இப்படி இருக்கட்டும்: 'நீரிழிவு உள்ளவர், வாந்தி, வயிற்று நோவு, வேகமூச்சு, மயக்கம் இவற்றில் ஏதாவது உண்டா? உண்டென்றால் சீனி எவ்வளவாக இருந்தாலும் கீற்றோன் பார்.' டி.கே.ஏ. என்று சொல்ல வேண்டியவை: விரலிரத்தக் கீற்றோன் லீற்றருக்கு 3 மில்லிமோல் அல்லது மேலே, அல்லது சிறுநீர்ப் பட்டியில் இரண்டு கூட்டற்குறி அல்லது மேலே, கூடவே பி.எச். 7.3 க்குக் கீழ் அல்லது பைகாபனேற் 18 க்குக் கீழ். இவை 2024 அறிக்கையின் கோடுகள். பிரித்தானிய வழிகாட்டி பைகாபனேற்றுக்கு மட்டும் 15 க்குக் கீழ் என்கிறது. நம் நோயாளிக்குப் பட்டியில் மூன்று கூட்டற்குறி, பி.எச். 7.18, பைகாபனேற் 9. டி.கே.ஏ.தான்.

அடுத்த பெட்டி திரவம். மேல் இரத்த அழுத்தம் 90 க்குக் கீழ் என்றால் 500 மில்லிலீற்றர் சேலைனைப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஓடவிட்டு உடனே சீனியரைக் கூப்பிடவேண்டும். 90 க்கு மேல் என்றால் முதல் மணித்தியாலத்தில் ஒரு லீற்றர். இந்தப் பெட்டிக்கு ஆய்வுகூட முடிவு எதுவும் தேவையில்லை, அதனால் இது முடிவுகள் வருமுன் நிற்கவேண்டும். இருதயம் பலவீனமானவர், சிறுநீரகம் பழுதானவர், நன்றாக வயது போனவர் ஆகியோருக்கு மட்டும் 'ஓடவிடுமுன் கூப்பிடு' என்று ஒரு வரி.

பக்கத்தின் நடுவில், தடித்த கோட்டுக்குள் இருக்கவேண்டியது பொட்டாசியம். ஒரே ஒரு பெட்டியைத்தான் சிவப்பில் போடலாம் என்றால் இதைப் போடுங்கள். இன்சுலின் இல்லாமையும் அமிலமும் பொட்டாசியத்தைக் கலங்களிலிருந்து வெளியே தள்ளுவதால், உடம்பில் மொத்த இருப்பு வற்றியிருக்கும்போதும் இரத்தத்தில் இலக்கம் சாதாரணமாக, சிலவேளை உயர்வாகக்கூடத் தெரியும். கிலோவுக்கு மூன்று முதல் ஐந்து மில்லிமோல் வரை பற்றாக்குறை என்பது பாடநூற் கணக்கு. இன்சுலின் போட்ட கணமே அது கலத்துக்குள் திரும்ப ஓடும். ஏற்கெனவே குறைவாக இருப்பவருக்கு இதயத் துடிப்பு பிசகும். ஆகவே வரிசை இது: சேலைன் உடனே, பொட்டாசிய முடிவு கையில் கிடைத்த பிறகே இன்சுலின். அந்தக் கொஞ்ச நேரத்தில் திரவம் மட்டும் ஓடினால் சீனி தானாகவே ஓரளவு இறங்கும். இன்ரேர்ன்மார் பயப்படுவதுபோல எதுவும் கெட்டுவிடாது.

நம் நோயாளியின் பொட்டாசியம் 3.4. இங்கே உங்கள் பக்கம் எந்த ஆண்டின் வழிகாட்டியிலிருந்து பிறந்தது என்பது வெளிச்சத்துக்கு வரும். 2009 அறிக்கையின் கோடு 3.3. அதன்படி இவருக்கு இன்சுலின் தொடங்கலாம். 2024 அறிக்கையின் கோடு 3.5. அதன்படி இன்சுலினை நிறுத்திவைத்து, மணிக்குப் பத்து முதல் இருபது மில்லிமோல் பொட்டாசியம் கொடுத்து, 3.5 ஐத் தாண்டிய பிறகே தொடங்கவேண்டும். பிரித்தானிய வழிகாட்டியும் 3.5 க்குக் கீழ் என்றால் சீனியரைக் கூப்பிடச் சொல்கிறது. கீழ்க்கோட்டில் இப்போது கருத்து வேறுபாடு இல்லை: 3.5 என்று எழுதுங்கள். மேற்கோட்டில்தான் இரண்டும் பிரிகின்றன. பிரித்தானியர் 5.5 வரை சேலைனில் பொட்டாசியம் சேர்க்கச் சொல்கிறார்கள், அமெரிக்க அறிக்கை 5.0 இல் நிறுத்துகிறது. 5.3 உள்ளவருக்கு எது சரி என்று அடித்துச் சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. ஆனால் பக்கத்தில் '5.0 முதல் 5.5' என்று வீச்சாக எழுதி இன்ரேர்னின் தலையில் கட்டாதீர்கள். கன்சல்டன்றிடம் கேட்டு ஒரே ஒரு இலக்கம். நான் என்றால், இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை இரத்தம் பார்க்க முடிகிற வார்ட்டில் 5.0 ஐ எடுப்பேன், சிறுநீர் போகிறதா என்ற கேள்வியையும் அதே பெட்டிக்குள் வைப்பேன்.

பிரித்தானிய வழிகாட்டி 'லீற்றருக்கு 40 மில்லிமோல்' என்று சொல்லிவிட்டுப் போய்விடும். நம் கையில் இருப்பது 500 மில்லிலீற்றர் போத்தலும் கண்ணாடி ஆம்பூலும். 15 சதவீதப் பொட்டாசியம் குளோரைட் பத்து மில்லிலீற்றரில் சுமார் 20 மில்லிமோல் இருக்கிறது. ஆக, அந்த ஆம்பூல் என்றால் 'போத்தலுக்கு ஒன்று' என்பதுதான் பெட்டிக்குள் வரவேண்டிய வசனம். பக்கத்தை அச்சுக்குக் கொடுக்கும் நாளில் மருந்து அலுமாரியைத் திறந்து லேபிளைப் பாருங்கள், செறிவு மாறினால் இந்த வசனம் பொய்யாகிவிடும். பொட்டாசியம் கலந்த போத்தலை ஒரு மணித்தியாலத்துக்குக் குறைந்து ஓடவிடக்கூடாது என்பதும், ஓடும்போது ஈ.சீ.ஜீ. மொனிற்றர் இருக்கவேண்டும் என்பதும் பக்கத்திலேயே இருக்கட்டும். இன்சுலினும் அப்படித்தான். கிலோவுக்கு 0.1 அலகு என்று எழுதினால் அரைத்தூக்கத்தில் ஒருவர் கட்டாயம் தசமத்தைத் தவறவிடுவார். 50 அலகு சாதாரண இன்சுலினை 50 மில்லிலீற்றர் சேலைனில் கலந்தால் ஒரு மில்லிலீற்றர் ஒரு அலகு. அதன் பக்கத்தில் 40, 50, 60, 70, 80 கிலோவுக்கு முறையே 4, 5, 6, 7, 8 என்று சின்ன அட்டவணை. கணக்குப் போடும் வேலையை நீங்கள் பகலிலேயே செய்து முடித்துவிட்டீர்கள்.

நம்மவருக்குத் திரும்புவோம். முதல் லீற்றர் முடிந்தது. அடுத்த இரண்டு போத்தல்களில் ஒவ்வோர் ஆம்பூல், ஒவ்வொன்றும் ஒரு மணித்தியாலம். சீனியருக்குச் சொல்லியாயிற்று. அந்த இரண்டு மணித்தியாலத்தின் முடிவில் பொட்டாசியம் 3.7. இப்போது இன்சுலின் மணிக்கு 6 மில்லிலீற்றர் தொடங்குகிறது, போத்தலுக்கு ஓர் ஆம்பூல் தொடர்கிறது. இதே நிமிடத்தில் அவர் அடுத்த பெட்டிக்கும் வந்துவிடுகிறார், ஏனென்றால் அவருடைய சீனி ஏற்கெனவே 250 க்குக் கீழே.

இந்தப் பெட்டியில்தான் இன்ரேர்ன்மார் அதிகம் தடுமாறுகிறார்கள் என்பது என் அனுபவம். சீனி 250 க்குக் கீழே இறங்கியதும் கை தானாக இன்சுலின் பம்ப்பை நிறுத்தப் போகும். நோய் சீனி அல்ல, கீற்றோன். கீற்றோனை அணைப்பது இன்சுலின் மட்டுமே. ஆகவே அந்தப் பெட்டியில் எழுதவேண்டியது: 'சீனி 250 க்குக் கீழ்: இன்சுலினை நிறுத்தாதே. 10 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் மணிக்கு 125 மில்லிலீற்றர் சேர். இன்சுலினைப் பாதியாக்கு.' சேலைன் அதன்பாட்டுக்குப் பக்கத்தில் ஓடட்டும். பம்ப் இல்லாத இடத்தில் 125 மில்லிலீற்றர் என்பது, இருபது துளிக்கு ஒரு மில்லிலீற்றர் தரும் செற்றில், நிமிடத்துக்கு 42 துளி. நோயாளி தொடக்கத்திலேயே 250 க்குக் கீழ் என்றால் டெக்ஸ்ட்ரோசும் இன்சுலினும் ஒன்றாகவே தொடங்கவேண்டும் என்று ஒரு பக்க அம்பு போடுங்கள். இந்த ஐயா அந்த அம்பில்தான் போகிறார். இன்சுலினை எந்த நிமிடத்தில் பாதியாக்குவது என்பதில் மட்டும் கொஞ்சம் நெகிழ்வு உண்டு. பிரித்தானிய வழிகாட்டி அதை 'யோசிக்கலாம்' என்ற தொனியில்தான் சொல்கிறது. அமிலம் இன்னும் கடுமையாக இருக்கும்போது முழு அளவில் வைத்து டெக்ஸ்ட்ரோசைக் கூட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். இவருக்கு எதைச் செய்வது என்பதைச் சீனியர் சொல்லட்டும்.

நோயாளி தேறுகிறாரா என்று பார்க்கும் பெட்டியில் சிறுநீர்ப் பட்டியை வைக்காதீர்கள். அந்தப் பட்டி காட்டுவது அசிற்றோஅசிற்றேற்றை. டி.கே.ஏ.யில் பெருமளவில் இருப்பதோ பீற்றா ஹைட்ரொக்சிபியூற்றிறேற். சிகிச்சை பலிக்கும்போது இரண்டாவது முதலாவதாக மாறுவதால், ஆள் தேறிக்கொண்டிருக்க, பட்டி இன்னும் கருஞ்சிவப்பாகிப் பயமுறுத்தும். கண்டுபிடிக்கப் பட்டி போதும், பின்தொடர உதவாது. விரலிரத்தக் கீற்றோன் பார்க்க முடிந்தால் மணிக்கு 0.5 மில்லிமோல் குறையவேண்டும். அது இல்லையென்றால் பைகாபனேற் மணிக்கு 3 கூடவேண்டும், சீனி உயர்ந்திருந்தால் மணிக்கு 50 அளவில் இறங்கவேண்டும். இறங்காவிட்டால் முதலில் பம்ப்பையும் கானுலாவையும் பார்க்கவேண்டும், பிறகுதான் அளவைக் கூட்டுவது. கழன்ற குழாய்க்கு இன்சுலின் அளவைக் கூட்டி என்ன பயன்? பைகாபனேற்றுக்கும் ஒரு எல்லை உண்டு. ஆறு மணித்தியாலத்துக்கு மேல் சேலைன் ஓடியபிறகு அதிலுள்ள குளோரைட்டே பைகாபனேற்றைக் கீழே பிடித்து வைத்திருக்கும். அப்போது சோடியத்திலிருந்து குளோரைட்டையும் பைகாபனேற்றையும் கழித்துப் பாருங்கள். அந்த மிச்சம் 12 க்குள் வந்துவிட்டால் கீற்றோன் பெரும்பாலும் அடங்கிவிட்டது. கீற்றோன் மீற்றர் பட்டி தீர்ந்துபோகிற வார்ட்டுக்கு இந்தக் கழித்தல் கைகொடுக்கும்.

வெளியேறும் பெட்டி சுருக்கமானது. பி.எச். 7.3 அல்லது மேலே, அல்லது பைகாபனேற் 18 அல்லது மேலே, கீற்றோன் 0.6 க்குக் கீழ், நோயாளி சாப்பிடுகிறார். மூன்றும் சரியென்றால் தோலுக்கடியில் நீண்ட நேர இன்சுலினைப் போட்டு, ஒன்று முதல் இரண்டு மணித்தியாலம் கழித்தே பம்ப்பை நிறுத்தவேண்டும். நாளத்தில் ஓடும் இன்சுலின் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். இடைவெளி விட்டால் அன்றிரவே கீற்றோன் திரும்பும். இவரைப் போன்றவருக்கு இன்னொரு வரி: எம்பாகிளிபுளோசின் நிறுத்தப்பட்டது என்று நோய்க்குறிப்பிலும் கிளினிக் புத்தகத்திலும் எழுதியாயிற்றா? அடுத்த விரதத்துக்கு முன் இதை வீட்டாருக்குத் தமிழிலோ சிங்களத்திலோ எழுதிக் கொடுக்கலாம், அது தனித்தாள்.

வெளியூர் ஆஸ்பத்திரியிலிருந்து மாற்றப்பட்டு வருபவர்களுக்காகப் பக்கத்தின் தலையில் ஒரு வரி இடம் விடுங்கள். மூதூரிலிருந்தோ புல்மோட்டையிலிருந்தோ வருபவருக்கு வழியிலேயே என்ன ஓடியது, இன்சுலின் ஏதாவது போடப்பட்டதா, எத்தனை மணிக்கு, பொட்டாசியம் பார்த்தார்களா? கடிதத்தில் இல்லையென்றால் போன் எடுத்துக் கேட்கவேண்டும். ஏற்கெனவே இன்சுலின் போட்டிருந்தால் வந்தவுடன் பார்க்கவேண்டிய முதல் இலக்கம் பொட்டாசியம்தான். பொட்டாசியம் பார்க்க வசதியில்லாத சின்ன ஆஸ்பத்திரியில் சேலைனைத் தொடங்கி, இன்சுலின் பற்றி மருத்துவ வார்ட்டோடு போனில் பேசிவிட்டு அனுப்புவதே நல்லது. இது வழிகாட்டியின் வசனம் அல்ல, என் தீர்ப்பு. உங்கள் கன்சல்டன்ற் வேறாகச் சொல்லலாம். பிள்ளைகளையும் கர்ப்பிணிகளையும் இந்தப் பக்கத்துக்குள் விடாதீர்கள். பிள்ளைகளில் மூளை வீங்கும் ஆபத்து உள்ளதால் திரவக் கணக்கே வேறு. 'பதினெட்டு வயதுக்குக் கீழ், கர்ப்பிணி: இந்தத் தாள் அல்ல, உடனே கூப்பிடு' என்று மேல் ஓரத்தில் போட்டால் போதும்.

வரைந்து முடித்ததும் அழகு பார்க்காமல் சோதியுங்கள். பழைய டி.கே.ஏ. நோயாளர் சிலரின் வார்ட்டுக் குறிப்பேடுகளான பி.எச்.ரி.களை எடுத்து, பெயரை மறைத்து, முடிவுகளை நேர வரிசையில் ஒவ்வொன்றாக வாசித்து, தாளை மட்டும் வைத்து அடுத்து என்ன செய்வாய் என்று இரண்டு இன்ரேர்ன்மாரைத் தனித்தனியாகக் கேளுங்கள். அவர்களின் விடை வேறுபடும் இடத்தில் பெட்டி பிழை, ஆள் பிழையில்லை. ஒருவர் தாளிலிருந்து கண்ணை எடுத்து உங்களைப் பார்க்கிறாரென்றால் அங்கே ஒரு அம்பு குறைகிறது. அந்த அடுக்கில் சீனி குறைவாக இருந்த ஒருவரும், பொட்டாசியம் குறைவாக இருந்த ஒருவரும், மாற்றப்பட்டு வந்த ஒருவரும் கட்டாயம் இருக்கவேண்டும். இல்லையென்றால் நம் சஷ்டி விரத ஐயாவைப் போல ஒருவரைக் கட்டிக்கொள்ளுங்கள். இரவுக் கடமையில் இருக்கும் நேர்ஸ் ஒருவரிடமும் காட்டுங்கள். துளிக் கணக்கிலும் ஆம்பூல் கணக்கிலும் அவர்கள் பிடிக்கிற பிழையை நாம் பிடிக்கமாட்டோம். கன்சல்டன்றின் கையொப்பம், எந்த வழிகாட்டி, எந்த ஆண்டு, எப்போது திரும்பப் பார்ப்பது என்பவை கீழ் மூலையில் வரட்டும். புதிய தாளை ஒட்டும் அன்றே நேர்சிங் மேசைக் கண்ணாடிக்கடியிலும் அவசர ட்ரொலியிலும் கிடக்கும் 3.3 என்று எழுதிய பழைய தாள்களைத் தேடி எடுத்துவிடுங்கள்.